இதை யார் பார்த்தது?

அந்தச் செய்தி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். தோழி அதை எனக்கு அப்படியே திருப்பி அனுப்பியிருந்தாள், தன் பங்குக்கு ஒரு வார்த்தைகூடச் சேர்க்காமல். "மேடம், உங்கள் களிம்பு வாங்கி மூன்று வாரம் ஆகிறது. எக்ஸிமாவைக் குணமாக்கும் என்று போட்டிருந்ததால், டாக்டர் கொடுத்த ஆயின்மென்டை நிறுத்திவிட்டு இதை மட்டும்தான் தடவுகிறேன். இப்போது முழங்கை மடிப்பு வெடித்து நீர் வடிகிறது. இன்னும் எத்தனை நாள் தடவ வேண்டும்?"

கடைசிக் கேள்வியைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. அந்தப் பெண் சண்டை போட்டிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்டிருந்தால், மன்னிப்புக் கேட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். அவர் திட்டவில்லை. எங்களை நம்பி, அடுத்து என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தார். 'எக்ஸிமாவைக் குணமாக்கும்' என்ற அந்த இரண்டு சொற்களை எழுதியது நான்.

தோழி களிம்பு காய்ச்சுபவள். எனக்குத் தெரிந்தது வார்த்தை. அவள் கடை தொடங்கியபோது, "நீதான் எழுதித் தரணும்" என்றாள்; ஒரே மாலையில் எழுதிக் கொடுத்தேன். அவளுடைய களிம்பை அதுவரை ஒருமுறைகூடத் தடவிப் பார்த்ததில்லை. பத்துக் கடைகளின் பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, அவர்கள் என்ன எழுதியிருக்கிறார்களோ அதையே இன்னும் கொஞ்சம் அழகாக எழுதினேன். அப்படி எழுதியது இது:

"நூறு சதவீதம் இயற்கை. கெமிக்கல் இல்லை, ப்ரிசர்வேட்டிவ் இல்லை. பாட்டியின் ரகசியக் குறிப்பிலிருந்து பிறந்த இந்தக் காலெண்டுலா களிம்பு சருமத்தின் ஆழம்வரை ஊடுருவி ஈரப்பதம் தருகிறது. வறட்சி, எக்ஸிமா, வெடிப்பு அனைத்தையும் குணமாக்கும். எல்லா வகைச் சருமத்துக்கும் ஏற்றது."

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது, இல்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தப் பெண்ணுக்குத் தோழி உடனே பதில் எழுதினாள்: களிம்பை இன்றே நிறுத்துங்கள், மருந்தை நிறுத்தியதைச் சொல்லி டாக்டரைப் பாருங்கள், நாங்கள் எழுதியிருந்தது தவறு. பணத்தையும் திருப்பி அனுப்பினாள். அன்று மதியம் அவளுடைய வேலை மேசையில் உட்கார்ந்தோம். நடுவில் ஒரு டப்பா, பக்கத்தில் அச்சடித்த என் ஐந்து வாக்கியங்கள். அவள் கோபப்படவில்லை. பேனாவை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் மீதும் வைத்து ஒரே கேள்வியைக் கேட்டாள்: "இதை யார் பார்த்தது?"

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது

முதலில் களிம்பையே சொல்லிவிடுகிறேன். நூறு கிராமுக்குக் கணக்கு: சூரியகாந்தி எண்ணெய் 48.5 கிராம், ஷியா பட்டர் 30, தேன்மெழுகு 20, லாவெண்டர் எண்ணெய் 1, வைட்டமின் ஈ அரை கிராம். சூரியகாந்தி எண்ணெயில் காய்ந்த காலெண்டுலா இதழ்களை நான்கு வாரம் ஊறப்போட்டு வடிகட்டியிருப்பாள். இதழ் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் ஜாடியிலேயே பூஞ்சை பிடிக்கும். அவ்வளவுதான் பொருள்கள். இதில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

தண்ணீர் இல்லை என்றால், 'ஈரப்பதம் தருகிறது' என்று எப்படி எழுதினேன்? களிம்பிடம் கொடுப்பதற்கு ஈரமே இல்லை. அது செய்வது வேறு வேலை. தோலிலிருந்து நீர் ஓயாமல் ஆவியாகிக்கொண்டே இருக்கிறது; மெழுகும் கொழுப்பும் சேர்ந்த படலம் மேலே உட்கார்ந்து அந்த இழப்பைக் குறைக்கிறது. அதாவது இருக்கிற ஈரத்தைப் போகவிடாமல் பிடித்து வைக்கிறது. 'ஆழம்வரை ஊடுருவி' என்பதோ நேர் எதிரான பொய். மேலே தங்குவதால்தான் அதற்கு வேலையே.

"சரி, அப்ப காய்ந்த கையில் தடவினால்?" என்று கேட்டேன். "பிடித்து வைக்க அங்கே என்ன இருக்கு?" என்றாள். கை கழுவி, துண்டால் லேசாக ஒற்றி, ஈரம் முழுவதும் காய்வதற்குள் தடவ வேண்டும். அவள் எல்லோருக்கும் வாய்மொழியாகச் சொல்லிக்கொண்டிருந்தது இது. என் விவரத்தில் இல்லை. வாங்கியவர்களில் பாதிப் பேர் காய்ந்த கையில் தடவிவிட்டு 'பிசுபிசுப்புத்தான் மிச்சம்' என்று நினைத்திருக்கக்கூடும். பொய்யை நீக்கியதும் அந்த இடத்தில் பயன்படுத்தும் முறை வந்து உட்கார்ந்துகொண்டது. அன்றைய மதியத்தின் முதல் ஆச்சரியம் அதுதான்.

இரண்டாவது, உண்மையான வாக்கியத்தைப் பற்றியது. 'ப்ரிசர்வேட்டிவ் இல்லை' என்பதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதை நான் பெருமையாக எழுதியிருந்தேன், ப்ரிசர்வேட்டிவ் சேர்ப்பவர்கள் ஏதோ விஷம் கலப்பதுபோல. தண்ணீர் உள்ள எந்த க்ரீமிலும் பாக்டீரியாவும் பூஞ்சையும் வளரும். அங்கே ப்ரிசர்வேட்டிவ் இல்லாமல் விற்பதுதான் ஆபத்து. எங்கள் களிம்பில் அது தேவைப்படாததற்குக் காரணம் தண்ணீர் இல்லாததுதான். அதில் யாருடைய நல்ல குணமும் இல்லை. வைட்டமின் ஈ எண்ணெய் சிக்கடிப்பதைத் தள்ளிப்போடும், அவ்வளவே. கிருமியை எதுவும் செய்யாது. அப்படியானால் ஈர விரலை டப்பாவுக்குள் விட்டால் என்ன ஆகும்? நாமே தண்ணீரை உள்ளே கொண்டுபோய் விடுகிறோம். கையை ஈரமாக வைத்துக்கொண்டு தடவச் சொல்கிற களிம்புக்கு இது சின்னச் சிக்கல் இல்லை. வழி இருக்கிறது: முதலில் உலர்ந்த விரலாலோ சின்னக் கரண்டியாலோ ஒரு துளி எடுத்துப் புறங்கையில் வைத்துக்கொண்டு, பிறகு கையை நனைக்கலாம். பெருமையாக இருந்த வாக்கியம் எச்சரிக்கையாக மாறியது. எனக்கு அந்த எச்சரிக்கை பிடித்திருந்தது, ஏனென்றால் அதைப் படிப்பவருக்கு இந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்பது அதிலேயே புரிந்துவிடும்.

'கெமிக்கல் இல்லை' என்பதைப் பற்றி ஊரே பேசித் தீர்த்துவிட்டது, தண்ணீரும் கெமிக்கல்தான் என்று. அந்த வாதம் சரிதான், ஆனால் சலிப்பானது. என்னை உறுத்தியது வேறு. லாவெண்டர் எண்ணெயில் லினலூல் என்றொரு வாசனைப் பொருள் இருக்கிறது, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குவரை. அது காற்றுப்பட்டு ஆக்சிஜனோடு சேர்ந்தால் உண்டாகும் பொருள்கள் சிலருக்கு ஒவ்வாமை தரும். ஐரோப்பிய ஒன்றியத்தில், தோலிலேயே விட்டுவிடும் பொருளில் லினலூல் 0.001 சதவீதத்தைத் தாண்டினாலே லேபிளில் பெயரைச் சொல்லியாக வேண்டும். எங்கள் களிம்பில் லாவெண்டர் ஒரு சதவீதம். கணக்குப் போட்டால் லினலூல் சுமார் 0.3 சதவீதம். அந்த எல்லையைப் போல முந்நூறு மடங்கு. இது தடைசெய்யப்பட்ட அளவு என்று அர்த்தம் இல்லை. அறிவிக்க வேண்டிய அளவு. அதை அறிவிக்காதது மட்டும் இல்லை, மேலே 'எல்லா வகைச் சருமத்துக்கும் ஏற்றது' என்றும் எழுதியிருந்தேன். வெடித்த தோலில் அந்த வாசனை எண்ணெய் பட்டபோது அந்தப் பெண்ணுக்கு எப்படி எரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை.

'அப்படியானால் ஹைப்போஅலர்ஜெனிக், அதாவது ஒவ்வாமை தரும் வாய்ப்புக் குறைவு என்று போடலாமா?' என்று அப்போதும் எனக்குள் இருந்த விளம்பரக்காரன் கேட்டான். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி ஒரு வரையறையே கிடையாது. அங்கே மருந்துகளையும் அழகுப் பொருள்களையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. 1975இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. 1977இல் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. அன்றிலிருந்து, போடுகிறவர் என்ன நினைக்கிறாரோ அதுதான் அதன் பொருள்.

ஒரே டப்பா, வேறு வாக்கியம்

'குணமாக்கும்' என்ற சொல்லுக்கு வந்தபோது தோழி பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். அழகுப் பொருளுக்கும் மருந்துக்கும் நடுவில் இருக்கும் கோடு எங்கே என்று அவள் கடை தொடங்கும்போதே படித்து வைத்திருந்தாள். நான் கேட்கவில்லை, அவளும் என் எழுத்தில் அதைத் தேடவில்லை. அமெரிக்கச் சட்டத்தில் அந்தக் கோடு பொருளின் உள்ளடக்கத்தில் மட்டும் இல்லை, அது எதற்காக விற்கப்படுகிறது என்பதிலும் இருக்கிறது. எதற்காக என்பதை விற்பவருடைய வார்த்தைகளிலிருந்தும் முடிவு செய்வார்கள். சுத்தம் செய்ய, அழகூட்ட, தோற்றத்தை மாற்ற என்றால் அழகுப் பொருள். நோயைக் குணப்படுத்த, தடுக்க என்றால் மருந்து. மருந்துக்கு உரிய எல்லா விதிகளும் அதன்மேல் வந்து விழும். பல நாடுகளில் விவரங்கள் மாறினாலும் அடிப்படை ஏறக்குறைய இதுதான். டப்பாவுக்குள் எதுவும் மாறவில்லை. ஒரு வினைச்சொல் மட்டும் மாறியது. தேன்மெழுகும் ஷியா பட்டரும் என் மேசையில் மருந்தாகிவிட்டன, அனுமதியில்லாத மருந்தாக.

சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அந்த வினைச்சொல் வாங்குபவர் வீட்டில் போய் என்ன செய்கிறது என்பதுதான். 'வறண்ட கையை மென்மையாக்கும்' என்று படிப்பவர், பலிக்கவில்லை என்றால் டப்பாவை ஓரமாக வைத்துவிடுவார். 'எக்ஸிமாவைக் குணமாக்கும்' என்று படிப்பவர் மருந்தை நிறுத்துகிறார். எழுதும்போது இரண்டுக்கும் இடையே ஓர் அடைமொழியின் தூரம்தான் தெரிந்தது எனக்கு.

இதில் கதவை அடைத்தால் ஜன்னல் வழியாக வரும் வழிகளும் உண்டு. 'நாங்கள் சொல்லவில்லை, வாடிக்கையாளர் சொன்னார்' என்பது ஒன்று. 'என் மகளின் எக்ஸிமா பத்தே நாளில் போயிற்று' என்று யாரோ அன்பாக எழுதிய வரியை எடுத்துப் பக்கத்தின் உச்சியில் ஒட்டினால், அது நம்முடைய வாக்குறுதி ஆகிவிடுகிறது. அதிகாரிகளும் அதை அப்படித்தான் பார்ப்பார்கள். எங்களிடமும் அப்படி ஒரு வரி இருந்தது, படத்தோடு. எடுத்துவிட்டோம். எழுதியவர் பொய் சொல்லவில்லை; ஆனால் எக்ஸிமா தானாகவே ஏறி இறங்கும் நோய், அந்தப் பத்து நாளில் வேறு என்னவெல்லாம் நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. இன்னொரு ஜன்னல் பிராண்ட் கதை. அதற்குப் பிறகு வருகிறேன்.

மிச்சம் இருந்த மூன்று வரி

மாலை ஆனபோது என் ஐந்து வாக்கியங்களில் ஒன்றும் மிஞ்சவில்லை. புதிதாக எழுதிய மூன்று வரிகள் இருந்தன: என்னென்ன பொருள்கள், எவ்வளவு எடை, எப்படித் தடவுவது. ஒரு பொய்யும் இல்லை. சரக்கு இறக்கிய ரசீதுபோல இருந்தது. தோழி படித்துவிட்டு, "நானே வாங்க மாட்டேன்" என்றாள்.

நேர்மையாக எழுதுவது பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்துக்கு முன்பே நிறுத்திவிடுகிறார்கள். பொய்யை நீக்கிவிட்டால் வேலை முடிந்தது என்கிற தொனியில். முடியவில்லை. கடையில் கையில் எடுத்து, மூடியைத் திறந்து, முகர்ந்து, புறங்கையில் தேய்த்துப் பார்க்க முடியாதவருக்கு அந்த ஐந்து நொடிகளை வார்த்தையால் கொடுக்க வேண்டும். அதைக் கொடுக்காமல் பொருள்களின் பட்டியலை மட்டும் நீட்டுவது நேர்மை போலத் தெரியும் சோம்பேறித்தனம்.

நான் ஒரு டப்பாவை வீட்டுக்கு எடுத்துப்போனேன். இரண்டு வாரம், ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தோடு. முதல் நாள் எழுதியது: 'திறந்ததும் லாவெண்டர் வரும் என்று நினைத்தேன். முதலில் வருவது தேன்மெழுகின் வாசனை, பின்னால்தான் லாவெண்டர்.' இரண்டாம் நாள்: 'விரலால் எடுக்க வரவில்லை. கெட்டி. கட்டைவிரலை மேலே வைத்து ஐந்தாறு நொடி அழுத்தியதும் எண்ணெயாக இளகியது.' நான்காம் நாள்: 'தடவிய கையோடு மொபைலைத் தொட்டேன். திரை முழுக்கக் கைரேகை.' ஆறாம் நாள்: 'முகத்தில் தடவினேன். நெற்றி பளபளக்கிறது. இனி வேண்டாம்.' ஒன்பதாம் நாள்: 'விரல் கணுக்களில் வெள்ளையாகத் தெரியும் கோடுகள் தடவியதும் மறைகின்றன; மறுபடி கை கழுவினால் திரும்ப வருகின்றன.' அடைமொழி தேடித்தான் எனக்குப் பழக்கம். இந்த நோட்டில் அநேகமாக அடைமொழியே இல்லை.

அப்புறம் ஏற்கெனவே வாங்கிய ஆறு பேரிடம் தோழி பேசினாள். 'பிடித்திருக்கிறதா?' என்று கேட்காதே என்று மட்டும் சொல்லியிருந்தேன். அதற்கு எல்லோரும் ஆமாம் என்பார்கள். 'எங்கே வைத்திருக்கிறீர்கள், எப்போது எடுக்கிறீர்கள்?' என்று கேட்கச் சொன்னேன். நான்கு பேர் கட்டில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஒருவர் பாத்திரம் கழுவும் இடத்துக்கு மேலே. இன்னொருவர், "பையில் வைத்திருந்தேன், உருகிப்போய் மறுபடி இறுகினதும் ரவைரவையா ஆயிடுச்சு, கெட்டுப்போச்சுன்னு தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். கெட்டுப்போகவில்லை. ஷியா பட்டரில் உள்ள கொழுப்புகள் எல்லாம் ஒரே சூட்டில் உறைவதில்லை. மெதுவாக ஆறும்போது முதலில் உறைபவை தனியாகத் திரண்டு மணல்மணலாகிவிடும். விரலில் தேய்த்தால் கரைந்துவிடும். ஒருவர் நல்ல களிம்பைக் குப்பையில் போட்டதற்குக் காரணம், நாங்கள் எழுதாத ஒரு வரி.

இவற்றையெல்லாம் வைத்து எழுதிய விவரம் இப்படி வந்தது. நான்கு முறை திருத்திய பிறகு:

"அடிக்கடி கழுவிக் காய்ந்துபோகும் கைகளுக்கான களிம்பு. திறந்ததும் கெட்டியாக இருக்கும். கட்டைவிரலை ஐந்தாறு நொடி அழுத்தி வையுங்கள், இளகிவிடும். முதலில் தேன்மெழுகு மணக்கும், பிறகு லாவெண்டர். அரைமணி நேரத்தில் இரண்டும் அடங்கிவிடும்.

இதில் தண்ணீர் இல்லை. தோலில் இருக்கும் ஈரத்தை வெளியே போகவிடாமல் பிடித்து வைப்பதுதான் இதன் வேலை. அதனால் உலர்ந்த விரலால் ஒரு பட்டாணி அளவு எடுத்துவிட்டு, கையை நனைத்து ஒற்றி, ஈரம் காய்வதற்குள் தடவுங்கள். அடுத்த பத்து நிமிடத்துக்கு மொபைலைத் தொடாதீர்கள், திரை கெடும். எங்களிடம் வாங்குபவர்கள் பெரும்பாலும் தூங்கப்போகும் முன் தடவுகிறார்கள்.

முகத்துக்கு இது கனம். வெடித்து நீர் வடியும் தோலில் தடவ வேண்டாம். அதற்கு டாக்டரைப் பாருங்கள், அவர் தந்த மருந்தை இதற்காக நிறுத்தாதீர்கள். லாவெண்டர் எண்ணெய் ஒரு சதவீதம் இருக்கிறது, அதில் லினலூல் உண்டு. வாசனைப் பொருள்கள் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இது வேண்டாம். மற்றவர்களும் முதலில் முழங்கையின் உள்பக்கத்தில் கொஞ்சம் தடவி, சில நாள் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வெயிலில் உருகி மறுபடி இறுகினால் மணல்மணலாகலாம். கெட்டுப்போகவில்லை, தேய்த்தால் கரையும். எண்ணெய் சிக்கடித்த வாடை வந்தால் மட்டும் தூக்கிப் போடுங்கள்."

இதற்குக் கீழே பொருள்களின் பட்டியல், அதிகம் இருப்பதிலிருந்து குறைவாக இருப்பது வரை. அங்கேயும் ஒரு சின்ன நெருடல் வந்தது. பெயர் காலெண்டுலா களிம்பு. பட்டியலில் முதலில் நிற்பது சூரியகாந்தி எண்ணெய். பெயரைப் படிப்பவர் டப்பா நிறையப் பூவைக் கற்பனை செய்துகொள்வார், உள்ளே இருப்பது பூ ஊறிய எண்ணெய். பெயரைக் 'கைக்களிம்பு' என்று மாற்றிவிட்டு, 'காலெண்டுலா இதழ் ஊறிய சூரியகாந்தி எண்ணெய்' என்று பட்டியலில் முழுதாகப் போட்டோம். தோழிக்கு அதில் கொஞ்சம் வருத்தம். காலெண்டுலா அழகான சொல் என்றாள். அழகான சொல்தான்.

மொபைல் வரியை எடுத்துவிடலாமா என்று இருவரும் ஒரு நாள் முழுக்க யோசித்தோம். குறையை நாமே சொல்லுவானேன்? ஆனால் அந்த வரி குறையை மட்டும் சொல்லவில்லை. களிம்பு எவ்வளவு நேரம் கையில் நிற்கும், எப்படி நிற்கும் என்பதைப் படிப்பவர் தன் கையிலேயே உணர்கிறார். 'நீண்ட நேரம் பாதுகாக்கும்' என்று எழுதினால் அது காற்றில் போய்விடும். வைத்துக்கொண்டோம். பின்னால் வந்த செய்திகளில் அதிகம் பேர் எடுத்துச் சொன்ன வரி அதுதான்.

இல்லாத பாட்டி

பாட்டி விஷயத்துக்கு வருகிறேன். தோழிக்குப் பாட்டி இருந்தார். அவர் களிம்பு எதுவும் செய்ததில்லை. கைக்கு எது கிடைத்ததோ அதைத் தடவிக்கொண்டவர். ரகசியக் குறிப்பை எழுதியது நான். ஒரு வாடிக்கையாளர், "பாட்டி எந்த வருஷம் இதை எழுதி வைத்தார்? அந்தத் தாளின் படம் போட முடியுமா?" என்று ஆர்வமாகக் கேட்டிருக்கிறார். தோழி பதில் எழுதாமல் இரண்டு நாள் தவித்துவிட்டு, தாள் தொலைந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். நான் எழுதிய ஒரு பொய்யைக் காப்பாற்ற அவள் ஒரு பொய் சொல்ல வேண்டியதாயிற்று. இதை அன்று மதியம்தான் என்னிடம் சொன்னாள்.

உண்மைக் கதை என்ன? அவள் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். ஒரு நாளைக்கு முப்பது முறையாவது கை கழுவுவாள். புறங்கை தாள்போலக் காய்ந்துவிடும். தனக்காகக் காய்ச்ச ஆரம்பித்தாள். இதைக் கேட்டதும் நான் உற்சாகமாக எழுதிய முதல் வடிவம்: 'மருந்துகளால் ஆறாத என் கைகள் இந்தக் களிம்பால் ஆறின, அந்த அற்புதத்தை உங்களோடு பகிரவே இந்தக் கடை.' தோழி படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். வாசலில் துரத்தியதைக் கதை என்ற பெயரில் ஜன்னல் வழியாக உள்ளே விட்டிருந்தேன். கடைக்காரரே குணமானார் என்றால், படிப்பவர் தானும் குணமாவேன் என்றுதான் எடுத்துக்கொள்வார். சொந்த அனுபவம் என்பதால் அது வாக்குறுதி இல்லாமல் போய்விடாது. அதோடு, அவள் எந்த மருந்தும் சாப்பிட்டதில்லை, தடவியதும் இல்லை. கை காய்ந்திருந்தது, அவ்வளவுதான்.

வேறு மாதிரிக் கேட்டுப் பார்த்தேன். எப்படித் தொடங்கினாய் என்பதை விட்டுவிட்டு, எதையெல்லாம் செய்யாமல் விட்டாய், ஏன் என்று. அப்போதுதான் கதை வந்தது. முதல் ஆறு பேட்ச்சும் மணல்மணலாகப் போனது. ஏழாவதில், ஊற்றிய டப்பாக்களை உடனே குளிர்பதனப் பெட்டியில் வைத்து வேகமாக ஆற்றியபோதுதான் வழவழப்பு வந்தது. ஒரு தடவைக்கு நாற்பது டப்பா, ஐம்பது கிராம் வீதம், மொத்தம் இரண்டு கிலோ; அதற்குமேல் காய்ச்சாததற்குக் காரணம் தத்துவம் எதுவும் இல்லை, குளிர்பதனப் பெட்டியில் அவ்வளவுதான் இடம். இதழ்களை ஊறவைப்பது அவள். ஷியா பட்டரும் மெழுகும் வெளியே வாங்குவது. எல்லோரும் கேட்கும் முக க்ரீமை ஏன் செய்வதில்லை? க்ரீமில் தண்ணீர் இருக்கிறது. அதற்கு ப்ரிசர்வேட்டிவ் சரியான அளவில் வேண்டும். அது உண்மையிலேயே கிருமிகளைத் தடுக்கிறதா என்று ஆய்வகத்தில் கிருமிகளை விட்டுச் சோதிக்க வேண்டும். அந்தச் சோதனைக்கு அவளிடம் இப்போது வசதி இல்லை. அதனால் செய்வதில்லை.

இதைத்தான் 'எங்கள் கதை' என்று போட்டோம், ஏறக்குறைய இதே வார்த்தைகளில். முக க்ரீம் பத்தி பற்றி எனக்குப் பயம் இருந்தது. இல்லாத பொருளைப் பற்றி ஒரு கடை எதற்கு ஒரு பத்தி எழுத வேண்டும்? ஆனால் இருக்கிற பொருளை எவ்வளவு கவனமாகச் செய்கிறாள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சியை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. 'தரத்தில் சமரசம் இல்லை' என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சமரசம் செய்யாமல் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்று யாரும் எழுதுவதில்லை.

இன்னும் தீராத ஒன்று

புதிய விவரம் போட்ட முதல் மாதம் விற்பனை குறைந்தது. மறைப்பதற்கு இல்லை. எக்ஸிமா என்று தேடி வந்தவர்கள் வரவில்லை, வரவும் கூடாது. அப்புறம் மெல்லப் பழைய நிலைக்கு வந்தது. அதைவிட எனக்குக் கண்ணில் பட்டது செய்திகளின் மாற்றம். 'எத்தனை நாளில் பலன் தெரியும்?' என்று கேட்பவர்கள் குறைந்து, 'வாசனை இல்லாமல் செய்து தருவீர்களா?' என்று கேட்பவர்கள் வந்தார்கள். லினலூல் வரியைப் படித்துவிட்டு வாங்காமல் போனவர்கள் அவர்கள். அவர்களுக்காகவே லாவெண்டர் இல்லாத டப்பா ஒன்று வந்தது.

அதற்கு விவரம் எழுதும்போது ஒரு சோதனை செய்தோம். தோழி ஒரு வாரம் இடது கையில் தன் களிம்பையும் வலது கையில் எங்கும் கிடைக்கும் சாதாரண பெட்ரோலியம் ஜெல்லியையும் தடவினாள். நானும் செய்தேன். வாசனையும் தொடும்போதுள்ள உணர்வும் வேறு. ஜெல்லி வழுக்கும், களிம்பு மெழுகுபோலப் பிடிக்கும். ஆனால் ஏழாம் நாள் காலையில் எந்தக் கை மென்மையாக இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுப் பார்த்தால், இருவராலும் சொல்ல முடியவில்லை. அதில் பெரிய வியப்பும் இல்லை. ஈரத்தைப் பிடித்து வைப்பதில் பெட்ரோலியம் ஜெல்லியை மிஞ்சுவது கடினம் என்பது தோல் மருத்துவத்தில் பழைய செய்தி.

இதை எழுத வேண்டுமா? தோழி வேண்டாம் என்கிறாள். எந்தக் கடைக்காரரும் பக்கத்துக் கடைப் பொருளையும் பாருங்கள் என்று பலகை மாட்டுவதில்லை. நாம் அதைவிட நல்லது என்று எங்கேயும் சொல்லவில்லையே, அது போதாதா என்கிறாள். சரிதான். ஒப்பிடும் சொல் ஒன்றுகூட இருக்கக் கூடாது என்று பக்கம் முழுவதையும் தேடி, 'சிறந்த', 'மேலான' என்று இருந்த இரண்டு இடங்களை எடுத்தோம். அவளுடைய களிம்பை வாங்குபவர் தேன்மெழுகு வாசனைக்காகவும் அந்தப் பிடிப்புக்காகவும் வாங்குகிறார், அதை நாங்கள் சரியாகவே சொல்லியிருக்கிறோம்.

ஆனால் போன வாரம் ஒருவர் நேராகவே கேட்டுவிட்டார்: "சாதாரண ஜெல்லியைவிட இது நன்றாக வேலை செய்யுமா?" தோழி எனக்கு அனுப்பி, என்ன எழுதட்டும் என்றாள். 'எங்கள் கைகளில் வித்தியாசம் தெரியவில்லை. வாசனையும் தொடுகையும் வேறு. அது பிடித்தால் வாங்குங்கள்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. கேட்ட ஒருவருக்குச் சொன்னதைக் கேட்காதவர்களுக்கும் பக்கத்திலேயே சொல்லிவிடலாமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். தோழி அந்த வரியை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வைத்திருக்கிறாள். இதை யார் பார்த்தது என்ற கேள்வி அதற்குத் தேவையில்லை, இருவருமே பார்த்தோம்.